வெள்ளைக்குள் ஓர் எவர்சில்வர் ஃபில்டர்

அமேசானில் ‘காபி ஃபில்டர்’ என்று தட்டிப் பாருங்கள். திரையில் வரிசையாக ஃபில்டர்கள் வந்து நிற்கும். எதற்கும் அடியில் மேஜை கிடையாது, பின்னால் சுவர் கிடையாது, பக்கத்தில் ஒரு காபிக்கொட்டைகூடக் கிடையாது. பக்கமும் வெள்ளை, படமும் வெள்ளை என்பதால் படத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. நூறு பேர் நூறு ஊரிலிருந்து விற்கிறார்கள். ஆனால் எல்லாப் படங்களும் ஒரே ஸ்டுடியோவில் எடுத்ததுபோல இருக்கின்றன. விற்பவர்கள் எல்லோருக்கும் ஒரே ரசனை வாய்த்துவிடவில்லை. அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

விதி சுருக்கமானதுதான். ஒரு பொருளுக்கு ஏற்றும் படங்களில் முதலாவது ‘மெயின் இமேஜ்’. தேடல் பக்கத்தில் தெரிவது அது ஒன்றுதான். அதன் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். கணினி ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். மூன்றும் 255 ஆக இருந்தால்தான் அது சுத்த வெள்ளை. பொருள் படத்தில் 85 சதவீதத்தையாவது நிறைக்க வேண்டும், எந்தப் பக்கமும் வெட்டுப்படக் கூடாது. பெட்டியில் வராத எதையும் படத்தில் வைக்கக் கூடாது. மேலே எழுத்து, லோகோ, கட்டம், வாட்டர்மார்க், பேட்ஜ் எதையும் ஒட்டக் கூடாது. படம் உண்மையான புகைப்படமாக இருக்க வேண்டும். மீறினால் அந்தப் பொருள் தேடலில் வராமல் ஒதுக்கி வைக்கப்படலாம். கடை திறந்திருக்கும், சரக்கு இருக்கும், ஆனால் யார் கண்ணிலும் படாது.

படிக்க எளிதாக இருக்கும் இந்த விதியை நிறைவேற்றுவதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று வியாபாரியின் மனசில் இருக்கிறது. மற்றது வெளிச்சத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவர்சில்வர் ஃபில்டரைவிட நல்ல பொருள் கிடைக்காது.

பாத்திரக்கடைக்காரர் ஒருவர் முதன்முதலாக இணையத்தில் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கும். கடை நோட்டீஸுக்காக எடுத்தது. வாழை இலை விரித்து, அதன்மேல் ஃபில்டர். பக்கத்தில் நுரை ததும்பும் டபரா டம்ளர். முன்னால் சிந்திய காபிக்கொட்டை. வலது மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் ‘100% எவர்சில்வர்’. இடது மூலையில் கடையின் பெயர். பார்க்க நன்றாகவே இருக்கும். நோட்டீஸுக்கு அது சரியான படமும்கூட. இணையச் சந்தையின் முதல் படமாக வைத்தால் அதில் சரியான இடமே இல்லை.

படம் எடுப்பவருக்கும் அவருக்கும் நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

“ஏன் தம்பி, காபி இல்லாம வெறும் பாத்திரத்தைக் காட்டினா எவன் வாங்குவான்?”

“அண்ணே, நீங்க டபரா டம்ளர் சேர்த்துத் தர்றீங்களா?”

“அதெப்படி, அதுக்குத் தனி விலை.”

“அப்ப அது படத்துல எப்படி இருக்கும்?”

வாதம் இங்கே முடிந்துவிடும். இந்த விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. படத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் காட்டி, இது பார்சலில் போகிறதா என்று கேட்டால் போதும். வாழை இலை போகாது. கொட்டை போகாது. டம்ளர் போகாது. சிவப்பு வட்டமும் கடைப் பெயரும் நிச்சயமாகப் போகாது. ஐந்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஃபில்டர் மட்டும்.

டம்ளரை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடையில் வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்கிறார், “இதுவும் சேர்த்தா?” என்று கேட்கிறார். இணையத்தில் கேட்க ஆள் இல்லை. படமே பதில். விவரத்தில் ‘டம்ளர் தனி’ என்று எழுதியிருந்தாலும், ஃபோனில் பார்த்துவிட்டு வாங்குகிறவர்களில் பலர் அந்த வரி வரை போவதில்லை. பார்சலைப் பிரித்ததும் டம்ளரைத் தேடுவார்கள். கிடைக்காதபோது ‘படத்தில் உள்ளபடி இல்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். போக வரக் கூரியர் செலவு, நசுங்கின அட்டைப்பெட்டி, ஒரு நட்சத்திர விமர்சனம் எல்லாம் அந்த ஒரு டம்ளரால் வந்தவை. அதுவே ‘ஃபில்டரும் இரண்டு டபரா டம்ளரும்’ என்று செட்டாக விற்றால், மூன்றையும் முதல் படத்தில் வைத்தே ஆக வேண்டும். டம்ளருக்குள் காபி மட்டும் இருக்கக் கூடாது.

பேட்ஜ் விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. எழுத்தே கூடாது என்பதில்லை. படத்தின்மேல் ஒட்டிய எழுத்து கூடாது. ஃபில்டரின் அடியிலோ பக்கத்திலோ கம்பெனிப் பெயர் குத்தப்பட்டிருந்தால் அது பொருளின் பகுதி, தாராளமாகத் தெரியலாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் பளபள ஸ்டிக்கரை மட்டும் படம் எடுக்கும் முன் உரித்துவிடுவது நல்லது. அது பேட்ஜ்போலவே தெரியும். சோதிப்பவர் கண்ணுக்கு வேறுபாடு புரியாமல் போகலாம். ‘பெஸ்ட் செல்லர்’, ‘அமேசான்ஸ் சாய்ஸ்’ என்ற பட்டைகளை நாமே வரைந்து ஒட்டுவது இதைவிடப் பெரிய தப்பு. அவை சந்தை நடத்துபவர் தன் கணக்கைப் பார்த்துத் தருபவை. முதல் படத்தில் மட்டுமல்ல, எந்தப் படத்திலும் அவற்றைப் போடக் கூடாது. நட்சத்திர மதிப்பெண், விலை, ‘இலவச டெலிவரி’ போன்றவையும் அப்படியே.

மனசுச் சிக்கல் தீர்ந்தது. இனி வெளிச்சம்.

மரப்பொம்மையையோ மண்பானையையோ வெள்ளைப் பின்னணியில் எடுப்பது பெரிய காரியம் இல்லை. அவை தம் நிறத்தைத் தாமே காட்டும். எவர்சில்வருக்குச் சொந்த நிறம் என்று ஒன்று கிடையாது. எதிரில் என்ன இருக்கிறதோ அதுதான் அதன் நிறம். சுற்றிலும் வெள்ளைத்தாள் வைத்தால் ஃபில்டரும் வெள்ளையாகிவிடும். பின்னணி வெள்ளை, பாத்திரமும் வெள்ளை, நடுவில் கோடு கிடையாது. மூடியின் குமிழும் அடிவிளிம்பும் மட்டும் அந்தரத்தில் மிதப்பதுபோல இருக்கும். வெள்ளைத்தாளை எடுத்துவிட்டாலோ ஃபில்டருக்குள் ஃபேன், ஜன்னல் கம்பி, அலமாரி, ஃபோனைப் பிடித்திருக்கும் நம் முகம் எல்லாம் வளைந்து நெளிந்து வந்து உட்காரும்.

இதற்குத் தீர்வு கறுப்புத்தாள். வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு எதற்கு என்று தோன்றும். உருளையான பாத்திரம் ஒன்றை உற்றுப் பாருங்கள். அதன் நடுப்பகுதி நம்மைப் பிரதிபலிக்கிறது. ஓரத்துக்குப் போகப் போக அது பக்கவாட்டில் இருப்பதையும், விளிம்பை ஒட்டிய மெல்லிய பட்டையில் தனக்குச் சற்றுப் பின்னால் இருப்பதையும் காட்டுகிறது. ஆக, விளிம்பில் என்ன தெரிய வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். ஃபில்டருக்கு இரு பக்கமும், சட்டகத்துக்குள் விழாத அளவு வெளியே, ஆனால் அதைவிட ஓரிரு அங்குலம் பின்தள்ளி, ஒவ்வொரு கறுப்பு சார்ட் பேப்பரைச் செங்குத்தாக நிறுத்தினால் பாத்திரத்தின் இரு விளிம்பிலும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். பென்சிலால் வரைந்தது போல உருவம் வெள்ளையிலிருந்து பிரிந்து நிற்கும். தாளை ஒரு விரல் அளவு முன்னே பின்னே நகர்த்தினால் கோடு தடிக்கும், மெலியும். கண்ணாடி டம்ளருக்கும் இதே வித்தைதான். ஸ்டுடியோக்காரர்கள் விலையுயர்ந்த விளக்கு வைத்திருந்தாலும் இந்த வேலைக்கு அவர்களும் கறுப்பு அட்டையைத்தான் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

மற்ற ஏற்பாடு இப்படி. சுவரிலிருந்து மேஜை வரை ஒரே வெள்ளைத்தாளை மடிப்பு விழாமல் வளைத்து விரிக்க வேண்டும். சுவரும் மேஜையும் சேரும் மூலைக்கோடு அப்போது தெரியாது. வழவழப்பான தாள் வேண்டாம், அதில் பாத்திரத்தின் தலைகீழ் நிழலுருவம் விழும். ஃபில்டரைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் வைக்க வேண்டும். ஒட்டி வைத்தால் பின்னணியில் அடிக்கும் வெளிச்சம் பாத்திரத்தின் ஓரத்தைச் சுற்றி வழிந்து, நாம் பாடுபட்டு வரைந்த கறுப்புக் கோட்டை அழித்துவிடும். வெளிச்சம் இரண்டு பக்கமிருந்தும் தெர்மாகோலிலோ வெள்ளைத்துணியிலோ பட்டுத் தெறித்து வர வேண்டும். பல்பு நேராக விழுந்தால் பாத்திரத்தில் ஒரு கூசும் புள்ளியாக நிற்கும். மூடி குவிந்தது என்பதால் அது மேற்கூரையைப் பிடிக்கும். தலைக்குமேல் ஒரு தெர்மாகோல் தகடு வைத்தால் மூடி சுத்தமாகிவிடும். முகம் தெரிவதைத் தவிர்க்க ஒரு வெள்ளை சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியே எடுப்பார்கள். அப்போதும் லென்ஸின் கறுப்புப் புள்ளி ஒன்று பாத்திரத்தின் நடுவில் விழும். அதைப் பிறகு கணினியில் துடைத்துக்கொள்ளலாம்.

அறையின் ட்யூப்லைட்டையும் ஜன்னல் வெளிச்சத்தையும் கலக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு வெள்ளை. எவர்சில்வர் இரண்டையும் பிடித்து ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் நீலமாகவும் நிற்கும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. விரல்ரேகை இன்னொரு தொல்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாத ரேகை, பெரிதாக்கிப் பார்க்கும்போது எண்ணெய்த் திட்டாகத் தெரியும். மெல்லிய துணியால் துடைத்தபின் கைக்குட்டையால் பிடித்துத்தான் இடத்தில் வைக்க வேண்டும்.

ஃபோனில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிட்டே போய் எடுத்தால் ஃபில்டரின் மேல்பகுதி பெருத்து அடி சிறுத்துவிடும். நாலைந்து அடி தள்ளி நின்று, ஃபோனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, பாத்திரத்தின் நடு உயரத்துக்குச் சற்று மேலே ஃபோன் இருக்கும்படி எடுத்தால் இரு பக்கக் கோடும் நேராக நிற்கும்.

இத்தனையும் செய்து எடுத்த படத்தைத் திறந்தால் பின்னணி சாம்பலாக இருக்கும். வெள்ளைத்தாளில் வைத்து எடுத்தேன், ஏன் சாம்பல் என்று எல்லோரும் கேட்பது இங்கேதான். கேமரா தன் முன் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அறியாது. எதைக் காட்டினாலும் சராசரி சாம்பலாக்கிப் பதிவு செய்யும்படிதான் அதன் அளவுமானி அமைக்கப்பட்டிருக்கிறது. சட்டகம் முழுக்க வெள்ளை இருந்தால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்துக் குறைத்துவிடும். ஆகவே நாம் வேண்டுமென்றே கூட்ட வேண்டும். ஃபோனில் திரையைத் தொட்டால் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும். எவ்வளவு கூட்டுவது? பாத்திரத்தின் கறுப்புக் கோடு வெளிறத் தொடங்கும்வரை போகாமல், பின்னணி கிட்டத்தட்ட வெள்ளையாகும் அளவுக்கு. பின்னணிக்கென்று தனி விளக்கு வைத்து, பாத்திரத்தின்மேல் விழுவதைவிட அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம் விழும்படி செய்தால் இந்தக் கஷ்டம் பாதி குறையும்.

கிட்டத்தட்ட வெள்ளை என்றேன். விதி கேட்பது கிட்டத்தட்ட அல்ல. 250, 251, 249 என்று இருக்கும் பின்னணியை மனிதக்கண் வெள்ளை என்றுதான் சொல்லும். தேடல் பக்கத்தின் வெள்ளைக்கு மேல் அதை வைத்தால் மெல்லிய அழுக்குச் சதுரமாகத் தெரியும். நம் கண்ணை நம்பிப் பயனில்லை. திரையின் பிரகாசத்தைக் கூட்டினால் எல்லாமே வெள்ளைதான்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, செலவில்லாதது. ஃபோட்டோஷாப்பிலும், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் Threshold என்ற கருவி உண்டு. ஃபோட்டோஷாப்பில் Image > Adjustments > Threshold. கிம்ப்பில் Colors > Threshold. அதில் எல்லையை 255 என்று வைத்தால், சுத்த வெள்ளையாக உள்ள புள்ளிகள் வெள்ளையாக நிற்கும். மற்றவை ஏறக்குறைய எல்லாம் அப்பட்டமான கறுப்பாகிவிடும். மூன்று எண்ணும் 254 ஆக இருந்தாலும் கறுப்புதான். ஒரு நொடியில் படத்தின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நம் ஃபில்டர் படத்தை முதல் தடவை இப்படிப் போட்டுப் பார்த்தால் என்ன தெரியும்? நடுவில் வெள்ளை வட்டம், நாலு மூலையும் கறுப்பு. விளக்கு நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் விழுந்திருக்கிறது என்று பொருள். அடியில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும், அது பாத்திரத்தின் நிழல். அங்கங்கே மிளகு தூவினதுபோல் புள்ளிகள் இருந்தால் அவை தாளில் விழுந்த தூசி. இனி எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

அதே கறுப்பு வெள்ளை உருவம் இன்னொன்றையும் சொல்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. பாத்திரமும் முழுக் கறுப்பாக வர வேண்டும் அல்லவா? எவர்சில்வரின் பளபளப்பில் சில கீற்றுகள் வெள்ளையாக விழும், அது பரவாயில்லை. ஆனால் அந்த வெள்ளைக்கீற்று பாத்திரத்தின் வெளிவிளிம்பைத் தொட்டு, பின்னணியோடு சேர்ந்துவிட்டால் அந்த இடத்தில் பாத்திரமே கரைந்து போயிருக்கிறது என்று அர்த்தம். கணினியில் எத்தனை திருத்தினாலும் இல்லாத விளிம்பைக் கொண்டுவர முடியாது. கறுப்பு அட்டையை நகர்த்தி மறுபடி எடுக்க வேண்டியதுதான். எடுத்த இடத்தைக் கலைக்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். சோதனை முடிந்ததும் அந்த மாற்றத்தை நீக்கிவிட வேண்டும், சேமித்துவிடக் கூடாது.

பின்னணி சாம்பலாக இருப்பதைத் திருத்தும்போது மொத்தப் படத்தையும் வெளுக்கக் கூடாது. பாத்திரத்தைச் சுற்றி விளிம்போடு ஒட்டித் தேர்வு செய்து, வெளியே உள்ளதை மட்டும் வெள்ளையாக்க வேண்டும். ஒரே தட்டில் பின்னணியை வெட்டித்தரும் செயலிகள் நிறைய இருக்கின்றன. மரப்பொம்மைக்கு அவை போதும். எவர்சில்வரில் பாத்திரத்தின் வெள்ளைப் பகுதியையும் பின்னணி என்று நினைத்து அவை கடித்துவிடும். மூடியின் குமிழுக்கு அடியில் உள்ள சின்ன இடைவெளியைச் சாம்பலாகவே விட்டுவிடும். வெட்டிய படம் பெரும்பாலும் பின்னணியே இல்லாத பிஎன்ஜி கோப்பாகக் கிடைக்கும். அதை வெள்ளைமேல் வைக்காமல் அப்படியே ஜேபெக் ஆக மாற்றினால் சில மென்பொருள்களில் பின்னணி கறுப்பாகிவிடும். திரையில் தெரியும் சதுரக் கட்டங்களோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. அந்தக் கட்டம் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்பதற்கான அடையாளம். ஸ்கிரீன்ஷாட்டில் அது உண்மையான கட்டமாகிவிடுகிறது.

நிழலை முழுவதும் அழிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். அழித்தால் பாத்திரம் காற்றில் தொங்கும். அடியை ஒட்டி மிக மெல்லிய நிழல் வைத்த படங்கள் தேடல் பக்கங்களில் ஏராளமாக இருப்பதைப் பார்க்கலாம். என் கணக்கு, அடிவிளிம்பிலிருந்து வெகுதூரம் பரவாத, படத்தின் ஓரத்தை எட்டாத நிழல் இருக்கலாம். ஒரு பக்கமாக நீண்டு விழும் நிழல் கூடாது.

அளவுக் கணக்கு ஒன்றைப் போட்டுவிடலாம். படத்தின் நீளமான பக்கம் 1,000 பிக்சலாவது இருந்தால்தான் வாங்குபவர் தொட்டுப் பெரிதாக்கிப் பார்க்க முடியும். கொஞ்சம் தாராளமாக 2,000 க்கு 2,000 சதுரம் வைத்துக்கொள்வோம். நம் ஃபில்டர் 17 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலம். உயரத்தில் 85 சதவீதம் என்றால் 1,700 பிக்சல். மேலேயும் கீழேயும் 150 பிக்சல் மிச்சம். அகலம் அதே விகிதத்தில் 900 பிக்சல் வரும். சதுரத்தின் பரப்பில் பார்த்தால் ஃபில்டர் பிடித்திருப்பது 40 சதவீதம்கூட இல்லை. ஒல்லியான பொருளால் பரப்பில் 85 சதவீதத்தை ஒருநாளும் நிரப்ப முடியாது. அதனால் நீளமான பக்கத்தை வைத்துத்தான் தொழிலில் இருப்பவர்கள் கணக்கிடுகிறார்கள். அச்சுக்குக் கொடுக்கும் சிஎம்ஒய்கே நிறமுறையில் சேமிக்காமல், திரைக்கான எஸ்ஆர்ஜிபி முறையில், தரம் குறைக்காத ஜேபெக் ஆகச் சேமிக்க வேண்டும். தரத்தை அதிகம் சுருக்கினால் விளிம்பைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் முளைத்து, பாடுபட்டு எடுத்த 255 மறுபடி 252 ஆகிவிடும். கடைசிக் கோப்பைத் திறந்து Threshold சோதனையை இன்னொரு முறை செய்வது இதற்காக.

இந்த 85 சதவீத விதியில் எனக்கு ஒரு குறை உண்டு. 200 மில்லி ஃபில்டரும் 500 மில்லி ஃபில்டரும் தேடல் பக்கத்தில் ஒரே உயரத்தில் நிற்கும். பக்கத்தில் ஒரு டம்ளர் இருந்தால் அளவு புரிந்துவிடும், அதை வைக்கத் தடை. வீட்டில் ஆறு பேருக்கு டிகாக்‌ஷன் இறக்க வாங்கியவர், ஒரு கைக்குள் அடங்கும் ஃபில்டரைப் பிரித்துப் பார்த்து ஏமாறுவது இப்படித்தான். பொய் சொல்லாமலே படம் பொய்யாகிவிடுகிறது. முதல் படத்தில் இதற்கு வழி இல்லை. பொருளின் தலைப்பில் ‘200 மில்லி, 2 பேருக்கு’ என்று எழுத வேண்டும். இரண்டாவது படத்தில் காட்ட வேண்டும்.

அந்த இரண்டாவது படத்திலிருந்துதான் வியாபாரிக்கு விடுதலை. மேற்சொன்ன கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை முதல் படத்துக்கு மட்டும். வாழை இலை, நுரை ததும்பும் டம்ளர், காபிக்கொட்டை எல்லாவற்றையும் இங்கே கொண்டுவரலாம். எழுத்தும் போடலாம். நான் வரிசைப்படுத்தினால் இரண்டாவது படம் ஒரு கை ஃபில்டரைப் பிடித்திருப்பதாக, பக்கத்தில் உயரமும் கொள்ளளவும் எழுதியதாக இருக்கும். மூன்றாவதில் மூடி, மேல் பாத்திரம், பொடியை அழுத்தும் தட்டு, கீழ் பாத்திரம் நான்கையும் பிரித்து வரிசையாக வைப்பேன். பிரித்த படத்தையும் சேர்த்த படத்தையும் ஒட்டி முதல் படமாக்க நினைப்பவர்கள் உண்டு. ஒரே பொருளை ஒரே படத்தில் இரண்டு கோணத்தில் காட்டக் கூடாது என்பதால் அது நிற்காது. நான்காவதில் மேல் பாத்திரத்தின் துளைகளை மிகக் கிட்டத்தில் காட்டலாம். துளை பெரிதாக இருந்தால் பொடி இறங்கிவிடும் என்று ஃபில்டர் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் பெரிதாக்கிப் பார்ப்பதே அதைத்தான். அதற்குப் பிறகு வாழை இலை.

மற்ற பொருள்களுக்குச் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருக்கின்றன. செருப்பு, ஷூ என்றால் அமேசானின் முதல் படத்தில் ஒற்றைக்கால் மட்டும், இடப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். குழந்தைத் துணிகளைக் குழந்தைக்குப் போட்டுக் காட்டாமல் விரித்துவைத்து எடுக்க வேண்டும். சந்தைக்குச் சந்தை விதியும் மாறும். ஈபே படத்தின்மேல் கட்டமும் எழுத்தும் வேண்டாம் என்கிறது, நீளமான பக்கம் 500 பிக்சல் இருந்தால் ஏற்கிறது. கூகுள் ஷாப்பிங் விளம்பர எழுத்தையும் வாட்டர்மார்க்கையும் ஏற்பதில்லை. கைவினைப் பொருள் விற்கும் எட்ஸியில் வெள்ளைப் பின்னணி கட்டாயமே இல்லை, மரமேஜையும் ஜன்னல் வெளிச்சமும்தான் அங்கே பழக்கம். ஆக, ஒரே அமர்வில் வெள்ளையிலும் இலையிலுமாக இரண்டு விதமாக எடுத்து வைத்துக்கொண்டால் எங்கேயும் கொண்டுபோகலாம்.

படம் ஏற்றியபின் பொருள் தேடலில் வரவில்லை என்றால், விற்பனையாளர் கணக்கில் முடக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் காரணம் எழுதியிருக்கும். பின்னணி என்று இருந்தால் Threshold சோதனைக்குத் திரும்பிப் போக வேண்டும். எழுத்து அல்லது லோகோ என்று இருந்தும் நீங்கள் ஒன்றுமே ஒட்டவில்லை என்றால், பாத்திரத்தில் உரிக்காமல் விட்ட ஸ்டிக்கரையோ, பளபளப்பில் தலைகீழாக விழுந்திருக்கும் கடைப் பலகையையோ தேடுங்கள்.

இன்னொரு வேலை மிச்சம் இருக்கிறது, அது படம் எடுப்பவருடையது அல்ல, கடைக்காரருடையது. தொழிற்சாலையிலிருந்து அடுத்த லாட் வரும்போது பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எவர்சில்வர் குமிழுக்குப் பதில் கறுப்பு பிளாஸ்டிக் குமிழ் வைத்து அனுப்பியிருப்பார்கள், யாரும் சொல்லமாட்டார்கள். பழைய படம் வெள்ளையாக, பேட்ஜ் இல்லாமல், எல்லா விதிக்கும் உட்பட்டுத்தான் இருக்கும். ஆனால் பார்சலில் போவது அது இல்லை. கறுப்பு அட்டை இரண்டையும் மறுபடி எடுத்துவைத்து, புதுக் குமிழோடு எடுக்க வேண்டும்.